பதினான்கு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் தேர்வு அறிவிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்து நான் பட்ட பாடு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மகன் கிரிக்கெட் பழகும் சங்கத்தின் செயலாளர், கடந்த 2025 ஜூலை மாதத்தில், பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வையும் அதைத் தொடரும் பயிற்சியையும் பற்றிய ஒரு பக்க ஆங்கில அறிவிப்பை என்னிடம் நீட்டி, “நீங்க தமிழ் நல்லா எழுதுவீங்க, நாளைக்குக் காலையில குடுத்துட்டாப் போதுங்க” என்று சொன்னார். பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும் செக்கிங் ஆளாகவும் இருப்பவர்கள்; ஆங்கில அறிவிப்பு வந்தால் பையனிடமே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்பவர்கள். பையன் தனக்கு வேண்டியதை மட்டும் படித்துச் சொல்வான் என்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே தமிழ் அறிவிப்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே பக்கம்தானே, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று வாங்கி வந்தேன். அது முடியச் செப்டம்பர் ஆகிவிட்டது, கைக்காசும் போயிற்று, இரண்டு மாதங்களுக்கு மாலை நேரம் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கும் வந்தால் எந்த வரியில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தேதியிலேயே தடங்கல் வந்தது. ஆங்கிலத்தாளில் தேர்வு நாள் 03.08.2025 என்று எண்ணாக மட்டும் இருந்தது. தமிழில் கிழமையும் சேர்த்து எழுதலாம் என்று நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்லாமல் ஆடிப் பதினெட்டாகவும் இருப்பது தெரிந்தது. பவானி கூடுதுறைக்கும் கொடுமுடிக்கும் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் காலை ஆறரை மணிக்குப் பையனை மைதானத்துக்கு அனுப்பச் சொன்னால் யார் அனுப்புவார்கள்? செயலாளரிடம் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே ஆகஸ்ட் 10, ஞாயிறு என்று மாற்றிக்கொடுத்தார். மொழிபெயர்ப்பவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தேதியை எழுதும்போது கிழமையோடும், அன்று ஊரில் என்ன விசேஷம் என்பதோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். அச்சான பிறகு மாற்றுவதைவிட அது எவ்வளவோ எளிது.

அடுத்தது வயது வரி. நான் பட்ட பாட்டில் முக்கால் பங்கு இந்த ஒரு வரியால் வந்தது. ஆங்கிலத்தில் “பதினான்கு வயதுக்குட்பட்டோர், 01.09.2011 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள்” என்று பொருள்படும்படி இருந்தது. கிரிக்கெட்டில் வயதுப்பிரிவுக்குச் செப்டம்பர் 1-ஆம் தேதியைக் கணக்கு நாளாகக் கொள்வது வழக்கம் என்பதால், அந்தப் பருவம் முழுவதற்கும் அந்த ஒரு நாளில் பையனுக்கு என்ன வயது என்பதுதான் கேள்வி. தேர்வு நாளில் என்ன வயது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் வீடுகளில் வயது சொல்லும் முறையோ வேறு. பதின்மூன்று முடிந்து மறுநாளே “பதினாலு நடக்குதுங்க” என்பார்கள். “பதினான்கு வயதுக்குட்பட்டோர்” என்று மட்டும் எழுதினால், பதினான்கு நடக்கும் பையனின் தாய் தன் பிள்ளைக்கு இடமில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். ஒரு பையன் 20.8.2011 அன்று பிறந்தவன், இன்னொருவன் 5.9.2011 அன்று பிறந்தவன் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு நாளான ஆகஸ்ட் 10 அன்று இருவருக்குமே பதின்மூன்று முடிந்து பதினான்கு நடக்கிறது. பெரும்பாலும் இருவரும் ஒரே வகுப்பில்தான் இருப்பார்கள். ஆனால் முதல் பையனுக்கு ஆகஸ்ட் 20 அன்றே பதினான்கு நிறைந்துவிடுவதால் அவன் கலந்துகொள்ள முடியாது. இரண்டாமவனுக்குச் செப்டம்பர் 5 அன்றுதான் நிறைகிறது. அவன் தகுதியுள்ளவன், பருவத்தின் நடுவில் பதினான்கு முடிந்திருந்தாலும் ஆடலாம். பதினாறு நாள் இடைவெளியில் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. முதல் பையனின் தந்தை “இன்னும் பதினாலு முடியலைங்களே” என்று கேட்டால், அவர் சொல்வது முழுக்க உண்மை. அதற்கு வயதை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. பிறந்த தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால் நான் வயது என்ற சொல்லைத் தலைப்போடு நிறுத்திக்கொண்டு, உள்ளே இப்படி எழுதினேன்: “உங்கள் மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். 31.8.2011 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருந்தால் இந்தத் தேர்வில் கலந்துகொள்ள இயலாது. 1.9.2011 அன்று பிறந்திருந்தாலும், அதற்குப் பிறகு எந்த நாளில் பிறந்திருந்தாலும் கலந்துகொள்ளலாம்.” ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் மூன்று வாக்கியம். நீளமாக இருக்கிறதே என்று செயலாளர் சற்று முகம் சுளித்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த நீளம்தான் அச்சகத்தில் வினையாயிற்று. நான் கைபேசியில் யூனிகோடு எழுத்தில் தட்டச்சுச் செய்து செயலாளருக்கு அனுப்ப, அவர் அதைத் துண்டறிக்கையாகவும் மைதான வாசலுக்கு ஒரு பிளக்ஸாகவும் போடச் சொல்லி ஒரு டிடிபி கடைக்கு அனுப்பினார். அந்தக் கடையில் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி எழுத்துருவும்தான். யூனிகோடு தமிழை அதில் ஒட்டினால் எழுத்தாகவே தெரியாது. ஆகவே தட்டச்சு செய்பவர் கைபேசித் திரையைப் பார்த்து முழுவதையும் மறுபடி அடித்திருக்கிறார், அடிக்கும்போது இடம் போதாமல் என் மூன்று வாக்கியங்களையும் சுருக்கி “14 வயதுக்குள், 1.9.2011க்குள் பிறந்தவர்கள்” என்று ஆக்கிவிட்டார். அவருக்கு அது இயல்பாகவே பட்டிருக்கும். வயதுக்குள் என்றால் தேதிக்குள் என்றுதானே கை போகும்? ஆனால் வயது குறையக் குறையப் பிறந்த தேதி பிந்திக்கொண்டே போகும் என்பதால், ஒரு “க்குள்” சரி, மற்றொரு “க்குள்” தலைகீழ். புரூஃப் என் கண்ணுக்கு வரவில்லை. நேராக அச்சாகி, அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளிப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் 10 காலையில் மைதானத்துக்குப் போனபோது மீசை அரும்பிய பையன்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பத்தாம் வகுப்பு. சின்னப் பையன்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. பல்லடத்துக்கு அப்பாலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த ஒரு தந்தை, துண்டறிக்கையை விரித்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். “இதுலதானுங்க போட்டிருக்குது. ஞாயித்துக்கெழமை ஓவர்டைமை உட்டுப்போட்டு வந்திருக்கறனுங்க” என்றார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவருக்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. அடுத்த நொடியே, நான் எழுதாத வரிக்கு நான் ஏன் தலை குனிய வேண்டும் என்ற கோபமும் வந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு இடத்துக்குத் தக்கபடிதான் அடிக்க முடியும் என்றார். சங்கத்தில் அச்சுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள். மறுபடி ஒரு தேர்வை ஆகஸ்ட் 17 அன்று வைத்து, துண்டறிக்கையையும் பிளக்ஸையும் புதிதாகப் போட்டதில் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் என் கையிலிருந்து போயிற்று. யாரும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அச்சு விஷயத்தில் இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான். கடையில் வேலை கொடுப்பதற்கு முன், யூனிகோடு தமிழை அப்படியே ஏற்கும் மென்பொருள் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். இல்லையென்றால் பக்கத்தை வீட்டிலேயே வடிவமைத்துப் பிடிஎஃப் கோப்பாகக் கொண்டுபோய், அச்சடிக்க மட்டும் சொல்கிறேன். யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. ஆனால் மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கடையிலேயே மறுபடி அடிக்கத்தான் வேண்டும் என்றால், புரூஃபை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் மூலத்தைப் பார்க்க வேண்டும். அப்போது எண்களை மட்டும் சரிபார்த்தால் போதாது. எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் “முதல்”, “வரை”, “முன்”, “பின்”, “க்குள்” ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கள் துண்டறிக்கையில் எல்லா எண்களும் சரியாகத்தான் இருந்தன.

இரண்டாவது தேர்வு ஒழுங்காக நடந்தது. ஆனால் சான்றிதழில் சிக்கல் வந்தது. ஆங்கில அறிவிப்பு பிறப்புச் சான்றிதழின் அசலும் நகலும் கட்டாயம் என்றது. முதல் அச்சில் அதை நான் “கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று மரியாதையாக எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாவது அச்சிலும் அது அப்படியே இருந்தது. கலியாணப் பத்திரிகையில் “வந்திருந்து வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்பதைப் போலவே பெற்றோர் அதை எடுத்துக்கொண்டார்கள். வந்தால் நல்லது, வராவிட்டாலும் யாரும் வாசலில் தடுக்கமாட்டார்கள். சிலர் ஆதார் நகலை மட்டும் கொண்டுவந்தார்கள், சிலர் பள்ளியில் வாங்கிய சான்றை. ஒரு பையனிடம் அசல் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, ஆனால் அதில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மருத்துவமனையிலிருந்து பிறப்பைப் பதிந்தபோது பெயர் வைக்கவில்லை, பிறகு யாரும் போய்ச் சேர்க்கவுமில்லை. பெயரைச் சேர்க்க, பிறப்பைப் பதிவுசெய்த அலுவலகம் எதுவோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அது ஒரு காலைப்பொழுதில் முடியும் காரியம் அன்று. ஆகவே அந்த வரியை மூன்றாவது முறை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது இப்படி மாற்றினேன்: “பையனின் பெயர் பதிவான பிறப்புச் சான்றிதழின் அசலும் ஒரு நகலும் வேண்டும். அசல் இல்லாதவர்கள் ஆட அனுமதிக்கப்படமாட்டார்கள். சான்றிதழில் பெயர் இல்லையென்றால் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.” கட்டாயமானதைச் சொல்லும்போது, கொண்டுவராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மரியாதையை “உங்கள்”, “பாருங்கள்” என்பவற்றில் காட்டிக்கொள்ளலாம்.

தேர்வு முடிந்த மறுவாரம் இருபத்தைந்து பெயர்கள் கொண்ட பட்டியல் வந்தது. இது உத்தேசப் பட்டியல்தான். மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு இதிலிருந்து பதினைந்து பேரும், கூடுதலாக மூன்று காத்திருப்பு ஆட்டக்காரர்களும் எடுக்கப்படுவார்கள் என்று ஆங்கிலத்தில் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருந்தது. தமிழில் அதை முதல் வரியாக வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். “லிஸ்ட்டுக்கு மேல அதைப் போட்டா ஆளுக மொகம் வாடிப்போயிருமுங்க” என்று செயலாளர் தயங்கி, கீழேயே விட்டுவிட்டார். பட்டியல் கைபேசியில் வந்ததும் எல்லோரும் தங்கள் பையனின் பெயரைத் தேடினார்கள், பெயர் இருந்த இடத்தோடு படத்தை வெட்டிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். வெட்டிய படத்தில் கடைசி வரி எப்படி இருக்கும்? ஒரு தாய் சீட்டுப் பணத்தை எடுத்துப் பேட், பேடு, ஹெல்மெட் என்று முழு கிட்டும் வாங்கிவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்தப் பையன் பதினைந்தில் இல்லை. என்னை அழைத்தவர் அழவில்லை, திட்டவுமில்லை. “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பட்டியல் அனுப்புகிறவர்கள் இதை மட்டும் பிடிவாதமாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். “இது இறுதி அணி அல்ல. இந்த 25 பேரில் 15 பேர் மட்டுமே அணியில் இடம்பெறுவர்” என்பதைத் தலைப்புக்கு அடியில் எழுதுவதோடு, பெயர்களுக்கு நடுவிலும், அதாவது பத்தாவது பெயருக்கும் இருபதாவது பெயருக்கும் கீழேயும், அதையே ஒரு வரியாகப் போட்டுவிட வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்காதுதான். ஆனால் எப்படி வெட்டினாலும் அந்த வரி அநேகமாகக் கூடவே போகும். அதன் கீழேயே, இறுதிப் பட்டியல் என்றைக்கு வரும் என்ற தேதியையும், அதுவரை புதிய பொருள் எதுவும் வாங்க வேண்டாம், பயிற்சிக்குச் சங்கத்தின் பேடும் ஹெல்மெட்டும் கிடைக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். காத்திருப்பு ஆட்டக்காரர் என்றால் பதினைந்தில் ஒருவர் காயம்பட்டாலோ வர முடியாமற்போனாலோ மட்டும் அழைக்கப்படுபவர், ஆனால் பயிற்சிக்குத் தவறாமல் வர வேண்டியவர் என்றும் விளக்கிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறைந்துவிடும்.

பயிற்சி அட்டவணையில் பெரிய சிக்கல் இல்லை. ஆங்கிலத்தாளில் ஆஜராகும் நேரம் ஒன்று, தொடங்கும் நேரம் ஒன்று என்று இரண்டு இருந்ததைப் பெற்றோர் குழப்பிக்கொண்டார்கள்; “காலை 6.00 மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும், 8.30 மணிக்கு வந்து அழைத்துச் செல்லலாம்” என்று பெற்றோர் பக்கத்திலிருந்து எழுதியதும் தீர்ந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது அந்த இரண்டு நேரங்கள்தான். உடை பற்றிய வரியில் மட்டும், வெள்ளை உடை என்பதைப் பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். வெள்ளை டி-சர்ட்டும் வெள்ளை டிராக் பேண்டும் போதும் என்று திருத்தினேன். அடியில் ஆணி வைத்த ஷூ கூடாது, ரப்பர் அடி உள்ளது வேண்டும் என்பதற்குக் காரணத்தையும் எழுதினேன். எங்கள் மைதானத்தில் ஆடுகளத்தின் மேல் விரிப்பு போட்டு ஆடும் விரிப்பு விக்கெட் என்பதால் ஆணி அதைக் கிழித்துவிடும். பிறப்புறுப்பில் பந்து படாமல் காக்கும் எல் கார்டைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. தோலால் தைத்த ஸ்டிச் பந்தில் ஆடும்போது அது இல்லாமல் மட்டை பிடிக்க விடமாட்டார்கள். சுகாதாரம் கருதி அதைப் பகிர்ந்துகொள்ளவும் முடியாது. எனவே சொந்தமாக வாங்க வேண்டிய ஒரே பாதுகாப்புப் பொருள் அதுதான் என்று நேராக எழுதிவிட்டேன்.

ஒரு வரிக்காக மட்டும் செயலாளரோடு எனக்கு வாக்குவாதமே வந்தது. பயிற்சியில் அடிபட்டால் சங்கம் பொறுப்பேற்காது என்றும், பெற்றோர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அதை எழுதினால் பயந்துவிடுவார்கள், படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். படிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்குவதற்கு நான் துணைபோகமாட்டேன் என்றேன். கடைசியில் அந்த வரியை அப்படியே தமிழாக்கி, அதற்கு அடியில் சங்கம் உண்மையிலேயே செய்வது என்ன என்று கேட்டு அதையும் எழுதினேன். மைதானத்தில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது, பெரிய அடி என்றால் உடனே பெற்றோரை அழைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், மருத்துவச் செலவு பெற்றோருடையது. இதைப் படித்துவிட்டுப் பையனை நிறுத்திக்கொண்டவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. படிவத்தில் ரத்த வகையையும், பகலில் எடுக்கக்கூடிய இன்னொரு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள் என்று ஒரு தாயே யோசனை சொன்னார். கம்பெனிக்குள் பலருக்குக் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தமிழும் வாசிக்க இயலாத தாத்தா பாட்டிகளிடம் வளரும் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக அறிவிப்பை நிதானமாகப் படித்து ஒரு குரல் பதிவாகவும் அனுப்பினேன். பலனுள்ள வேலைதான், ஆனால் அதோடு என் எண்ணும் எல்லோருக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து மழை வந்தால் பயிற்சி உண்டா, பையனை ஏன் பந்து வீச விடவில்லை, அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்று எல்லாக் கேள்விகளும் எனக்கே வரத் தொடங்கின. எழுதிக் கொடுப்பவர் தன் எண்ணிலிருந்து எதையும் அனுப்பாமல், சங்கத்தின் எண்ணிலிருந்தே அனுப்பச் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பின் அடியிலும் எந்தக் கேள்விக்கு யாரை, எத்தனை மணிக்குள் அழைப்பது என்று இருக்க வேண்டும். தேர்வு பற்றியதற்குச் செயலாளர், பயிற்சி நேரம் பற்றியதற்குப் பயிற்சியாளர் என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் என் கைபேசி ஓய்ந்தது.

முதல் துண்டறிக்கையின் படமோ ஓயவில்லை. செப்டம்பரிலும் ஏதோ ஒரு குழுவிலிருந்து அந்த “1.9.2011க்குள்” வரி மறுபடி கிளம்பி வந்தது. திருத்தம் அனுப்பியபோது செயலாளர் “முன்பு இப்படித் தவறாக இருந்தது” என்று பழைய வரியையும் மேற்கோளாகப் போட்டிருந்தார். பாதி பேர் அந்த மேற்கோளையே படித்துவிட்டுப் போனார்கள். திருத்தத்தில் சரியான வரி மட்டுமே இருக்க வேண்டும் என்று இப்போது சங்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறிவிப்பின் தலையிலும் அது எழுதப்பட்ட தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் போட்டு, “இதற்கு முன் வந்த அறிவிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம்” என்று சேர்க்கிறோம். பிளக்ஸில் மட்டும் மாறக்கூடிய விவரம் எதையும் அச்சிடுவதில்லை. அவையெல்லாம் வெள்ளைத்தாளில் எழுதி அதன் மேல் ஒட்டப்படுகின்றன. ஒரு தாள் இரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.